கோடை முகாம் அறிவிப்பில் பெற்றோர் பார்க்க வேண்டிய நான்கு வரிகள்: வயது, பயிற்சி, பாதுகாப்பு, கட்டணம்

புதுதில்லி: தில்லி அரசுப் பள்ளிகளுக்கு அண்மை ஆண்டுகளில் கோடை விடுமுறை மே 11-ஆம் தேதி தொடங்கி ஜூன் 30-ஆம் தேதி வரை நீடிக்கிறது. பெற்றோர் இருவரும் பணிக்குச் செல்லும் குடும்பங்களுக்கு இந்த ஏழு வாரங்கள் எளிதானவை அல்ல. கரோல் பாக், ராஜேந்திர பிளேஸ் மெட்ரோ நிலையங்களை ஒட்டிச் செல்லும் புசா ரோடு போன்ற பகுதிகளில் பள்ளிகள், நடன வகுப்புகள், விளையாட்டுப் பயிற்சி மையங்கள் பல உள்ளன. தில்லித் தமிழ்க் கல்விக் கழகத்தின் பள்ளி ஒன்றும் இச்சாலையில் உள்ளதால், தமிழ்க் குடும்பங்களுக்கும் இது பழக்கமான இடம்.

இத்தகைய பகுதிகளில் கோடை முகாம் அறிவிப்புகள் பெரும்பாலும் ஒரு படமும் அதன் கீழ் நான்கைந்து வரிகளுமாகப் பெற்றோரின் கைப்பேசிக்கு வந்து சேர்கின்றன. வயது, பயிற்சிகள், பாதுகாப்பு, கட்டணம் ஆகிய நான்கும் அந்த வரிகளில் இடம்பெறும். இவற்றில் 'அனுபவம் வாய்ந்த பயிற்சியாளர்கள், முழுப் பாதுகாப்பு' என்ற வரியே மிகக் குறைவான தகவலைத் தருகிறது. பெற்றோர் மிக அதிகமாகக் கேள்வி எழுப்ப வேண்டியதும் அந்த வரியைப் பற்றியே.

இவ்விளக்கத்தில் ஒரு மாதிரி முகாம் எடுத்துக்கொள்ளப்படுகிறது. இது கணக்கிட்டுக் காட்டுவதற்கான எடுத்துக்காட்டு மட்டுமே. எந்த நிறுவனத்தையும் குறிப்பது அல்ல. அதன் அறிவிப்பு இவ்வாறு உள்ளது எனக் கொள்வோம்: 'புசா ரோட்டில் கோடை முகாம். வயது 4 முதல் 14 வரை. நடனம், ஓவியம், நீச்சல், கராத்தே, ரோபோட்டிக்ஸ். மூன்று வாரங்கள், திங்கள் முதல் வெள்ளி வரை, காலை 8 முதல் 12 வரை. அனுபவம் வாய்ந்த 6 பயிற்சியாளர்கள். முழுப் பாதுகாப்பு. கட்டணம் ரூ.6,500 மட்டுமே.'

வயது: ஒரே வரியில் மூன்று பிரிவுகள்

'4 முதல் 14 வரை' என்பது யார் சேரலாம் என்பதைச் சொல்கிறதே தவிர, எந்தக் குழந்தை எந்தக் குழுவில் இருக்கும் என்பதைச் சொல்லவில்லை. நான்கு வயதுக் குழந்தைக்குக் கழிப்பறைக்குச் செல்லவும் ஆள் துணை தேவை. பதினான்கு வயதுச் சிறுவன் தனியாக மெட்ரோவில் வரக்கூடியவன். இருவரும் ஒரே கூடத்தில், ஒரே நேரத்தில், ஒரே பயிற்சியாளரிடம் இருந்தால், ஒருவருக்குக் கவனிப்பு போதாது. மற்றவருக்குச் சலிப்பு மிஞ்சும்.

எனவே பெற்றோர் முதலில் கேட்க வேண்டியது, குழந்தைகள் எத்தனை குழுக்களாகப் பிரிக்கப்படுகின்றனர் என்பதே. 4-5, 6-8, 9-14 என்ற பிரிவு பொதுவாகப் பொருத்தமானது. அக்குழுக்களுக்குத் தனித்தனி அறையும் தனித்தனி நேர அட்டவணையும் உள்ளனவா என்பதையும் கேட்க வேண்டும். 'சேர்க்கையைப் பார்த்துப் பிரிப்போம்' என்று பதில் வந்தால், பிரிவு இன்னும் முடிவாகவில்லை என்றே கொள்ள வேண்டும். சிறுவர்கள் குறைவாகச் சேர்ந்தால் எல்லோரும் ஒரே குழுவாக ஆக்கப்படும் வாய்ப்பு அங்கு அதிகம்.

பயிற்சிகள்: பட்டியலைவிட நேரமே முக்கியம்

மாதிரி அறிவிப்பில் ஐந்து பயிற்சிகள் உள்ளன. முகாம் நடைபெறுவதோ 15 நாட்கள், நாளொன்றுக்கு 4 மணி நேரம். மொத்தம் 60 மணி நேரம். குழந்தைகள் வந்து சேரவும் புறப்படவும் நாள்தோறும் அரை மணி, சிற்றுண்டிக்கு அரை மணி எனக் கழித்தால், பயிற்சிக்கு எஞ்சுவது 45 மணி நேரம். ஐந்து பயிற்சிகளுக்கும் சமமாகப் பங்கிட்டால் ஒவ்வொன்றுக்கும் 9 மணி நேரமே கிடைக்கும். நீச்சலில் உடை மாற்றும் நேரமும் இந்த 9 மணிக்குள் அடங்கும். அந்த நேரத்தில் ஒரு குழந்தை தண்ணீருக்குப் பழகலாம். நீச்சல் கற்றுக்கொண்டுவிடும் என்று எதிர்பார்க்க இயலாது. எனவே 'என்னென்ன பயிற்சி' என்பதோடு, 'வாரத்திற்கு எத்தனை மணி நேரம்' என்றும் கேட்டறிய வேண்டும்.

வெளியிடப் பயிற்சிகளுக்குத் தில்லியின் வெயில் ஓர் எல்லையை வகுக்கிறது. சமவெளிப் பகுதியில் வெப்பநிலை 40 டிகிரி செல்சியஸை எட்டி, இயல்பைவிட 4.5 டிகிரியேனும் கூடுதலாக இருந்தால், அதை வெப்ப அலையாக இந்திய வானிலை ஆய்வுத் துறை கணக்கிடுகிறது. 45 டிகிரியை எட்டிவிட்டால், இயல்பு நிலை எதுவாயினும் அது வெப்ப அலையே. 2025-ஆம் ஆண்டு மே மாதத்தில் தில்லி அரசுப் பள்ளிகளில் உயர் வகுப்பு மாணவர்களுக்கு நடத்தப்பட்ட சிறப்பு வகுப்புகள் காலை 7.30 மணிக்குத் தொடங்கி 10.30 மணிக்கே முடியும்படி அமைக்கப்பட்டன. பெரிய மாணவர்களின் அறை வகுப்புக்கே அந்த நேரம் என்றால், சிறு குழந்தைகளின் திறந்தவெளி விளையாட்டை அதற்கு முன்பே முடிப்பது முறையாகும்.

ஆகவே அட்டவணையில் கராத்தேயும் ஓட்டமும் 8 மணிக்கும், ஓவியமும் ரோபோட்டிக்ஸும் 10 மணிக்குப் பிறகும் வருகின்றனவா என்று பார்க்க வேண்டும். வெப்ப அலை எச்சரிக்கை வெளியாகும் நாளில் வெளியிடப் பயிற்சிக்குப் பதிலாக என்ன நடத்தப்படும் என்பதையும் கேட்க வேண்டும். வெயிலில் விளையாடிய குழந்தை தள்ளாடினாலோ, பேச்சு குழறினாலோ, உடல் கொதித்து வாந்தி எடுத்தாலோ, அது சாதாரணக் களைப்பு அல்ல. உடனே நிழலுக்குக் கொண்டுசென்று, உடலை நீரால் நனைத்துக் குளிரச் செய்தபடியே மருத்துவ உதவியை அழைக்க வேண்டும். இதைச் செய்யத் தெரிந்தவர் முகாமில் யார் என்பதே அடுத்த வரிக்கான கேள்வி.

பாதுகாப்பு ஊழியர்கள்: எண்ணிக்கை, பணி, பின்னணி

மாதிரி முகாமில் 60 குழந்தைகளும் 6 பயிற்சியாளர்களும் உள்ளனர் எனக் கொள்வோம். பத்துக்கு ஒருவர் என்பது கேட்பதற்கு நன்றாகவே இருக்கும். ஆனால் அந்த ஆறு பேரில் நடன ஆசிரியரும் ரோபோட்டிக்ஸ் பயிற்சியாளரும் தத்தம் ஒரு மணி நேர வகுப்புக்கு மட்டும் வந்து செல்பவர்கள். மற்றொருவர் சேர்க்கை மேசையில் அமர்ந்திருப்பவர். எனவே நான்கு மணி நேரமும் குழந்தைகளுடன் இருப்பவர்கள் மூவரே. அதாவது இருபதுக்கு ஒருவர்.

இருபதுக்கு ஒருவர் என்பது 3 முதல் 6 வயதுக் குழந்தைகளுக்கு 2013-ஆம் ஆண்டின் தேசிய முன்பருவக் குழந்தைக் கல்விக் கொள்கை வகுத்த விகிதம்தான். ஆனால் அது ஆண்டு முழுவதும் ஒரே ஆசிரியரிடம், ஒரே அறையில் இருக்கும் குழந்தைகளுக்கானது. முகாமில் குழந்தைக்கு இடம் புதிது, ஆள் புதிது. ஊழியருக்கோ குழந்தைகளின் பெயர்கூடப் பழகியிருக்காது. அதனால் முகாம்களுக்கு அதிக ஆட்கள் தேவைப்படுகின்றனர். அமெரிக்க முகாம் சங்கத்தின் தர வரையறை, பகல் நேர முகாம்களில் 5 வயது வரை 6 குழந்தைகளுக்கு ஒருவர், 6-8 வயதுக்கு 8 குழந்தைகளுக்கு ஒருவர், 9-14 வயதுக்கு 10 குழந்தைகளுக்கு ஒருவர் எனக் கூறுகிறது. இந்திய முகாம்களை இது சட்டப்படி கட்டுப்படுத்தாது என்றாலும், ஒப்பிட்டுப் பார்க்கப் பயன்படும். மாதிரி முகாமின் 60 பேரில் 4-5 வயதினர் 12 பேர், 6-8 வயதினர் 24 பேர், 9-14 வயதினர் 24 பேர் எனில், முறையே 2, 3, 3 என மொத்தம் 8 பேர் எந்நேரமும் உடனிருக்க வேண்டும். இருப்பவர்களோ மூவர்.

நீச்சல் குளத்தில் எண்ணிக்கை மட்டும் போதாது. யாருக்கு என்ன பணி என்பதும் முக்கியம். நீச்சல் கற்றுத்தரும் பயிற்சியாளரின் கண் தன் கையிலுள்ள குழந்தையின் மீதே இருக்கும். குளம் முழுவதையும் பார்த்துக்கொண்டிருப்பது உயிர்காப்பாளரின் வேலை. நீரில் மூழ்கும் குழந்தை பெரும்பாலும் கூச்சலிடுவதில்லை. கையசைத்து உதவி கேட்பதும் இல்லை. வாய் நீர்மட்டத்திற்கு அருகே இருக்க, தலை பின்னோக்கிச் சாய, ஓசையின்றியே மூழ்கிவிடும். எனவே கற்பித்தல் பொறுப்பு ஏதுமின்றிக் கரையில் நின்று கண்காணிக்கும் ஒருவர் தனியே உள்ளாரா என்று கேட்க வேண்டும். குளத்திற்கு உரிமம் உள்ளதா என்பதையும் பார்க்க வேண்டும். தில்லியில் நீச்சல் குளங்களுக்கு உரிமம் வழங்கும் பொறுப்பு காவல்துறையிடம் இருந்தது. 2025-ஆம் ஆண்டு ஜூன் மாதம் அப்பொறுப்பு காவல்துறையிடமிருந்து நீக்கப்பட்டு, உள்ளாட்சி அமைப்புகளுக்கு மாற்றப்பட்டது.

மூன்றாவது கேள்வி ஊழியர்களின் பின்னணி. இதன் அவசியத்தைத் தமிழ்நாட்டின் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் 2024-ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம் நடந்த சம்பவம் உணர்த்தியது. பர்கூர் அருகே ஒரு தனியார் பள்ளியில் தேசிய மாணவர் படை முகாம் என்ற பெயரில் தங்கும் முகாம் ஒன்று நடத்தப்பட்டது. மாணவிகள் பள்ளி வளாகத்திலேயே இரவு தங்கவைக்கப்பட்டனர். அங்கு ஒரு சிறுமி பாலியல் வன்கொடுமைக்கு ஆளானார். மேலும் சில மாணவிகள் பாலியல் தொல்லைக்கு ஆளானதாகப் புகார் எழுந்தது. பயிற்சியாளர் எனக் கூறிக்கொண்டவருக்குத் தேசிய மாணவர் படையுடன் தொடர்பே இல்லை என்பதும், அது அப்படையின் முகாமே அல்ல என்பதும் பின்னரே வெளியாயின. அந்நபருடன் பள்ளி நிர்வாகத்தைச் சேர்ந்தவர்களும் கைது செய்யப்பட்டனர்.

இந்நிகழ்வில் இரண்டு இடங்களில் ஒரு கேள்வி போதுமானதாக இருந்திருக்கும். முகாமை நடத்த அனுமதி அளித்தது யார் எனத் தேசிய மாணவர் படையின் அலுவலகத்தில் விசாரித்திருந்தால், பொய் அன்றே வெளிப்பட்டிருக்கும். இரவில் மாணவிகளுடன் தங்கப்போகும் பள்ளி ஆசிரியைகள் யார் எனக் கேட்டிருந்தால், கண்காணிப்பில் இருந்த வெற்றிடம் தெரிந்திருக்கும். சீருடை, பதாகை, சான்றிதழ் எதுவும் இவ்விரு கேள்விகளுக்கும் மாற்று ஆகாது.

இவ்வகையில் பெற்றோருக்குச் சட்டத்தின் துணையும் உண்டு. 2020-ஆம் ஆண்டின் போக்சோ விதிகளின்படி, பள்ளிகள், காப்பகங்கள், விளையாட்டுப் பயிற்சி மையங்கள் உள்ளிட்ட, குழந்தைகளுடன் தொடர்ந்து தொடர்பில் இருக்கும் நிறுவனங்கள் தம் ஊழியர் ஒவ்வொருவரையும் காவல்துறைச் சரிபார்ப்புக்கும் பின்னணி ஆய்வுக்கும் உட்படுத்த வேண்டும். ஆசிரியர், ஆசிரியர் அல்லாதவர், நிரந்தரப் பணியாளர், ஒப்பந்தப் பணியாளர் என்ற வேறுபாடு இதில் இல்லை. மூன்று வாரத்திற்கு மட்டும் அமர்த்தப்படும் நடன ஆசிரியரும் வேன் உதவியாளரும் இதில் அடங்குவர். 'எல்லோரும் தெரிந்தவர்கள்தான்' என்பது சரிபார்ப்பு ஆகாது. குற்றம் நடந்தது தெரிந்தும் காவல்துறையிடம் தெரிவிக்காமல் இருப்பது போக்சோ சட்டத்தின் 21-ஆவது பிரிவின் கீழ் தண்டனைக்குரியது. நிறுவனப் பொறுப்பாளருக்கு ஓராண்டு வரை சிறைத் தண்டனை விதிக்கப்படலாம்.

கட்டடமும் பாதுகாப்பின் ஒரு பகுதியே

புசா ரோட்டை ஒட்டிய பழைய ராஜேந்திர நகரில் 2024-ஆம் ஆண்டு ஜூலை 27-ஆம் தேதி பெய்த மழையில், குடிமைப் பணித் தேர்வுப் பயிற்சி மையம் ஒன்றின் அடித்தளத்தில் வெள்ளம் புகுந்து மூன்று மாணவர்கள் உயிரிழந்தனர். கிடங்காகவும் வாகன நிறுத்துமிடமாகவும் பயன்படுத்த அனுமதிக்கப்பட்ட அடித்தளம், நூலகமாகச் செயல்பட்டு வந்தது விசாரணையில் தெரியவந்தது. அதைத் தொடர்ந்து, விதிகளை மீறி இயங்கிய பல அடித்தளங்களை மாநகராட்சி மூடி முத்திரையிட்டது.

கோடை முகாம்கள் நடைபெறும் காலத்தின் பின்பகுதி தில்லியில் பருவமழை தொடங்கும் காலத்தோடு சேர்ந்துவிடுகிறது. வாடகை குறைவு, வெயிலுக்குக் குளிர்ச்சி என்ற காரணங்களால் அடித்தளக் கூடங்கள் வகுப்புகளுக்கு விரும்பப்படுகின்றன. ஆகவே பணம் கட்டும் முன் ஒருமுறை நேரில் சென்று, வகுப்பு எந்தத் தளத்தில் நடக்கிறது, வெளியேற இரண்டாவது வழி உள்ளதா, அந்தக் கதவு பூட்டப்படாமல் இருக்கிறதா எனப் பார்த்துவிடுவது நல்லது.

குழந்தையை ஒப்படைக்கும் இடமும் நேரில் பார்க்க வேண்டிய ஒன்று. புசா ரோடு வாகன நெரிசல் மிகுந்த சாலை; மெட்ரோ பாதையும் அதன் மேலாகவே செல்கிறது. குழந்தைகளை வாயிலுக்கு வெளியே சாலையோரத்தில் நிறுத்தி ஒப்படைக்கும் முகாமைவிட, வளாகத்திற்குள்ளேயே, பெற்றோர் எழுதிக்கொடுத்த பெயர்ப் பட்டியலைச் சரிபார்த்து ஒப்படைக்கும் முகாமே பாதுகாப்பானது. வேன் வசதி இருந்தால், அது வாடகை வாகனத்திற்குரிய மஞ்சள் எண் பலகை கொண்டதா, ஓட்டுநர் தவிர உதவியாளர் ஒருவர் உடன் வருகிறாரா என்பதையும் பார்க்க வேண்டும்.

பெரிய மருத்துவமனைகள் அருகிலேயே உள்ளன என்பது இப்பகுதிக்கு ஒரு வசதி. சர் கங்கா ராம் மருத்துவமனை ராஜேந்திர நகரிலேயே உள்ளது. ஆனால் அடிபட்ட குழந்தையை அங்கு அழைத்துச் செல்பவர் யார், எந்த வாகனத்தில், அப்போது மற்றக் குழந்தைகளுடன் இருப்பவர் யார் என்பது முன்கூட்டியே முடிவாகியிருக்க வேண்டும். ஒவ்வாமை, வலிப்பு, ஆஸ்துமா போன்றவை பற்றிய விவரத்தைச் சேர்க்கைப் படிவம் கேட்கவில்லை எனில், பெற்றோரே அதை எழுத்தில் கொடுத்து, படித்துக் கையொப்பமிட்ட பிரதியைப் பெற்றுக்கொள்ளலாம்.

கட்டணம்: 6,500 எப்படி 12,122 ஆகிறது

மாதிரி முகாமின் கட்டணம் ரூ.6,500. சேர்க்கையின்போது பதிவுக் கட்டணம் ரூ.500, பயிற்சிப் பொருட்களுக்கு ரூ.900 சேர்கின்றன, மொத்தம் ரூ.7,900. இதன்மீது 18 சதவீத ஜிஎஸ்டி ரூ.1,422 சேர்க்கப்பட்டால் ரூ.9,322 ஆகிறது. வேனுக்கு ரூ.2,200, இறுதி நாள் நிகழ்ச்சிக்கான உடைக்கு ரூ.600 எனச் சேர்த்தால், கையிலிருந்து செல்வது ரூ.12,122.

இரு முகாம்களை ஒப்பிட, மொத்தத் தொகையைவிட ஒரு மணி நேரத்திற்கான செலவே தெளிவான அளவுகோல். அறிவிப்பின்படி ரூ.6,500-ஐ 60 மணி நேரத்தால் வகுத்தால் மணிக்கு ரூ.108. வேன் செலவைத் தவிர்த்த உண்மைத் தொகை ரூ.9,922-ஐ, உண்மைப் பயிற்சி நேரமான 45 மணியால் வகுத்தால் மணிக்கு ஏறத்தாழ ரூ.220. வேறொரு முகாம் ரூ.9,000 என அறிவித்து, அனைத்தையும் அதற்குள் அடக்கியிருந்தால், அதிகமாகத் தோன்றும் அதுவே உண்மையில் குறைந்த கட்டணம்.

பணத்தைத் திருப்பித் தரும் நிபந்தனையும் எழுத்தில் இருக்க வேண்டும். குழந்தை மூன்றாம் நாளே செல்ல மறுத்தால் என்ன, வெப்ப அலையால் முகாம் ஐந்து நாட்கள் நின்றால் என்ன என்ற இரண்டையும் தனித்தனியே கேட்டுப் பதில் பெற வேண்டும். முன்னது பெற்றோரின் முடிவு. பின்னது சேவை வழங்கப்படாத நிலை. இரண்டுக்கும் ஒரே நிபந்தனை பொருந்தாது. ரசீது தர மறுப்பது 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி முறையற்ற வணிக நடைமுறை ஆகும். இது குறித்துத் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ஐ அழைக்கலாம்.

அதிகம் செலவிட இயலாதவர்களுக்கு அரசு அமைப்புகளும் உள்ளன. தில்லி கோட்லா ரோட்டில் 1956-ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட தேசிய பால பவன், 5 முதல் 16 வயது வரையிலான குழந்தைகளை உறுப்பினராகச் சேர்த்துக்கொள்கிறது. தமிழ்நாட்டில் விளையாட்டு மேம்பாட்டு ஆணையம் 18 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு மாவட்ட விளையாட்டு அரங்குகளில் கோடைகாலப் பயிற்சி முகாம்களை நடத்துகிறது. அரசு முகாம் என்பதால் குழு அளவு, நேரம், கண்காணிப்பு பற்றிய கேள்விகளைத் தவிர்த்துவிட வேண்டியதில்லை.

முழுமையான அறிவிப்பு எப்படி இருக்கும்?

மேற்கண்ட மாதிரி முகாம் குறைகளைச் சரிசெய்து தன் அறிவிப்பைத் திருத்தி எழுதினால், அது ஏறத்தாழ இவ்வாறு அமையும்:

'புசா ரோட்டில் கோடை முகாம், தரைத்தளம். மூன்று வாரங்கள், திங்கள் முதல் வெள்ளி வரை, காலை 7.30 முதல் 11.30 வரை. குழுக்கள்: 4-5 வயது (12 பேர்), 6-8 வயது (24 பேர்), 9-14 வயது (24 பேர்), தனித்தனி அறைகள். வெளியிடப் பயிற்சி காலை 9.30 மணிக்குள் முடியும். வெப்ப அலை நாட்களில் உள்ளரங்கப் பயிற்சி மட்டும். நீச்சல் 6 வயதுக்கு மேற்பட்டோருக்கு, வாரம் 3 மணி நேரம். உரிமம் பெற்ற குளம், கரையில் தனி உயிர்காப்பாளர். முழு நேரமும் உடனிருப்போர் 8 பேர். அனைவரும் காவல்துறைச் சரிபார்ப்பு பெற்றவர்கள். முதலுதவிப் பயிற்சி பெற்றவர் இருவர். குழந்தைகள் வளாகத்திற்குள் பதிவு செய்யப்பட்ட நபரிடம் மட்டுமே ஒப்படைக்கப்படுவர். பொருட்கள், உடை, வரி உட்பட மொத்தக் கட்டணம் ரூ.9,922, வேன் தனி. முகாம் நிறுத்தப்படும் நாட்களுக்குரிய தொகை திருப்பித் தரப்படும்.'

இந்த அறிவிப்பு முன்னதைவிடச் சில வரிகளே நீளமானது. ஆனால் இதிலுள்ள ஒவ்வொரு வரியையும் பெற்றோர் முதல் நாளிலேயே நேரில் சென்று சரிபார்க்க முடியும்; 'முழுப் பாதுகாப்பு' என்ற சொற்களை அவ்வாறு சரிபார்க்க வழியில்லை. அறிவிப்பில் இல்லாத விவரங்களைப் பெற்றோர் தொலைபேசியில் கேட்பதோடு நிறுத்தாமல், குறுஞ்செய்தியாக அனுப்பிப் பதிலையும் எழுத்தில் பெற்றுக்கொள்வது பின்னாளில் உதவும்.

முகாமில் குழந்தைக்கு ஏதேனும் தீங்கு நேர்ந்ததாக ஐயம் எழுந்தால் குழந்தைகள் உதவி எண் 1098-ஐயும், அவசர நிலையில் 112-ஐயும் எந்நேரமும் அழைக்கலாம்.